உள்ளே சட்டை தெரிய, மேலே ஒரு பிளாஸ்டிக் போஞ்சோ

கேள்வி: ஒருவர் நேராக நிற்கும் முழு உருவப் படம் என்னிடம் இருக்கிறது. கட்டம் போட்ட அடர்நீலச் சட்டை, கறுப்பு பேன்ட், மேகமூட்டமான பகல். அவர் உடை அப்படியே தெரிய, மேலே ஒளிபுகும் பிளாஸ்டிக் போஞ்சோ ஒன்று, அதாவது தலைவழியாக மாட்டும் கையில்லாத மழைக்கோட்டு, வரவேண்டும். வெள்ளை லேயரை ஒபாசிட்டி குறைத்துப் போட்டுப் பார்த்தேன், புகை மூடியதுபோல இருக்கிறது. நம்பும்படி எப்படிச் செய்வது?

பதில்:

வெள்ளை லேயர் எல்லா இடத்தையும் ஒரே அளவில் மூடுகிறது. புகையும் அதையேதான் செய்யும், அதனால்தான் உங்கள் கண்ணுக்கு அது புகையாகப் பட்டது. பிளாஸ்டிக் தாள் அப்படி நடந்துகொள்ளாது. அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. உள்ளே போய்த் துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. அப்புறம், வெளியிலிருந்து தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தானே திருப்பி அனுப்புகிறது. முதல் வேலை தாள் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கும். இரண்டாவது, தாள் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். இந்த இரண்டையும் தனித்தனி லேயராகப் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

எண்ணாகவே பார்த்துவிடலாம். மழைக்கோட்டுக்குப் பயன்படும் பிளாஸ்டிக் வகைகளின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. நேருக்கு நேராகப் பார்க்கும்போது அப்படிப்பட்ட ஒரு பரப்பு 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். தாளுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பரப்பு இருப்பதால் மொத்தம் 8 சதவீதம் திரும்புகிறது, 92 சதவீதம் உள்ளே போகிறது. துணியில் பட்ட வெளிச்சம் அதே தாள் வழியாகத்தான் வெளியே வரவேண்டும் என்பதால் இன்னொரு முறை 92 சதவீதமாகக் குறையும். ஆக, வானத்தைப் பார்த்திருக்கும் ஓர் இடத்தில் நம் கண்ணுக்கு வருவது ஏறக்குறைய இவ்வளவு:

```
தெரிவது = துணி × 0.85 + வானம் × 0.08
```

இதில் உங்கள் படத்தின் கறுப்பு பேன்ட்டை வைத்துப் பாருங்கள். கறுப்புத் துணி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 4 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாளுக்குப் பின்னால் அது 3.4 ஆகக் குறையும், மேலே வானத்தின் 8 சேரும், மொத்தம் 11.4. கறுப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு வெளுத்துவிட்டது. சட்டையில் உள்ள வெள்ளைக் கோட்டுக்கு 80 சதவீதம் என்று வையுங்கள். அது 68 ஆகக் குறைந்து 8 சேர்ந்து 76 ஆகும், மாற்றமே தெரியாது. திரையில் நாம் பார்க்கும் 0 முதல் 255 வரையான அளவில் சொன்னால், 56 ஆக இருந்த கறுப்பு 95 ஆகிறது, 231 ஆக இருந்த வெள்ளை 226 ஆகிறது. தாள் ஒன்றுதான், ஆனால் கறுப்பின்மேல் பளிச்சென்று தெரிகிறது, வெள்ளையின்மேல் காணாமல் போகிறது. ஒளிபுகும் பிளாஸ்டிக்கை நம்பவைப்பதே இந்த வேறுபாடுதான். வெள்ளை லேயரின் ஒபாசிட்டியைத் திருகிக்கொண்டே இருக்கும்போது இது கைக்குச் சிக்குவதில்லை. பேன்ட்டுக்குச் சரியாக வரும் அளவு முகத்தையும் தரையையும் கெடுக்கும், அவற்றுக்குச் சரியாக வைத்தால் பேன்ட்டின்மேல் தாள் தெரியாது.

லேயராக இதை மாற்றுவது சுலபம். போஞ்சோவின் வடிவத்தில் ஒரு மாஸ்க் செய்துகொள்ளுங்கள். அதற்குள் 237 அளவுள்ள வெளிர்சாம்பல் லேயர் ஒன்றை `Multiply` முறையில் வையுங்கள். அதன்மேல் 53 அளவுள்ள அடர்சாம்பல் லேயர் ஒன்றை `Screen` முறையில் வையுங்கள். கறுப்பு 56-லிருந்து 94-க்குப் போகும், வெள்ளை 223 பக்கம் வந்து நிற்கும், கணக்குக்கு மிக நெருக்கம்தான். முதல் லேயரை அதன்பின் தொடவேண்டாம். இரண்டாவதில்தான் இனி பெரும்பாலான வேலையும்.

ஆனால் அதற்கு முன்னால் வடிவம். இங்கே நிறையப் பேர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆளின் உடல் விளிம்பையே போஞ்சோவின் விளிம்பாக வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் மேலே என்ன வரைந்தாலும் ஆள் பளபளக்கும் துணி போட்டிருப்பதுபோலத்தான் தெரியும், ஏனென்றால் தாள் என்று ஒரு தனிப்பொருள் படத்தில் எங்கேயுமே இல்லை. போஞ்சோ உடலைவிட அகலமானது. தலையிலும் இரண்டு தோளிலும் மட்டும் தாங்கி, அங்கிருந்து கூடாரம்போல விழும். மார்பின் மேல்பகுதியைத் தொடும், முழங்கை வெளியே தள்ளும் இடத்தில் தொடும், மற்ற இடத்தில் உடலைவிட்டு விலகித் தொங்கும். அதனால் கைக்கும் இடுப்புக்கும் நடுவில், தொடைக்கு வெளிப்புறத்தில் எல்லாம், துணியே இல்லாமல் பின்னணி மட்டும் தாள் வழியாகத் தெரியும் பகுதிகள் இருந்தாக வேண்டும். அங்கே ஒரு தாள் போதாது. முன்பக்கத் தாள் ஒன்று, முதுகுப்பக்கத் தாள் ஒன்று, ஆக இரண்டு தாள் வழியாகப் பின்னணியைப் பார்க்கிறோம்.

இதற்காக ஆளைத் தனியாக வெட்டி எடுத்து ஒரு லேயராக வைத்துக்கொள்வது அவசியம். அடியில் பின்னணி, அதன்மேல் முதுகுப்பக்கத் தாள், அதன்மேல் ஆள், எல்லாவற்றுக்கும் மேலே முன்பக்கத் தாள் என்பதுதான் அடுக்கு. முதுகுப்பக்கத் தாளுக்குத் தனி மடிப்புகள் வரையுங்கள். அவை ஆளின் பின்னால் போய் மறைந்து, கைக்கும் இடுப்புக்கும் நடுவில் மறுபடி எட்டிப் பார்க்கவேண்டும். கீழ் ஓரமும் இரண்டு. முன் ஓரம் முழங்காலுக்கு முன்னால் ஒரு வளைவாக ஓடினால், பின் ஓரம் கால்களுக்குப் பின்னால் அதைவிடச் சற்று மேலேயோ கீழேயோ ஓடும். கேமரா இடுப்பு உயரத்தில் இருந்தால், முழங்கால் பக்கம் இருக்கும் அந்த ஓரத்தை நாம் மேலிருந்து பார்க்கிறோம், ஆகவே பின் ஓரம் படத்தில் கொஞ்சம் மேலே இருக்கும். இந்த ஒரே ஒரு பின்கோடு போஞ்சோவுக்கு உடனே கனபரிமாணம் கொடுத்துவிடும். ஒரு வேலையில் எனக்கு இரண்டு நாள் எதைச் செய்தும் சரிவரவில்லை. கடைசியில் பின் ஓரத்தை வரைந்த பத்து நிமிடத்தில் படம் சரியாக அமைந்துவிட்டது.

சட்டையை என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்யவேண்டாம் என்பதுதான் பதில். பிளாஸ்டிக் என்றதும் கண்ணாடி மாதிரி நெளியவைக்கும் ஃபில்டரைப் போடும் பழக்கம் இருக்கிறது. கட்டம் போட்ட சட்டையில் அதைப் போட்டால் கட்டங்கள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடும். மெல்லிய தாள் அப்படிச் செய்யாது. ஒளி உள்ளே நுழையும்போது ஒரு பக்கம் வளைந்தால், வெளியே வரும்போது அதே அளவு மறுபக்கம் வளைந்து பழைய திசைக்கே வந்துவிடும். மிச்சமிருக்கும் நகர்வு தாளின் தடிமனைத் தாண்டாது. தாளோ மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு. முழு உருவப் படத்தில் அது ஒரு பிக்சல்கூட வராது. ஆகவே சட்டையின் கட்டங்கள் மடிப்புக்கு அடியிலும், மினுமினுப்புக்கு அடியிலும், நேராக, அறுபடாமல் ஓடவேண்டும். மேலே மடிப்பு தன் வழியில் போகிறது, கீழே கட்டம் தன் வழியில் போகிறது. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருப்பதைப் பார்த்துத்தான், மேலே ஒன்று இருக்கிறது, அதற்குள் இன்னொன்று இருக்கிறது என்று கண் முடிவு செய்கிறது. அந்த வகையில் கட்டம் போட்ட சட்டை உங்களுக்குக் கிடைத்தது நல்லது. ஒரே நிறச் சட்டையில் இந்தச் சாட்சி கிடைக்காது.

உடையில் மாற்றவேண்டியவை உண்டு, ஆனால் அவை ஒளியால் வருபவை இல்லை. காற்றில் பறக்கும் சட்டை ஓரமோ தூக்கி நிற்கும் காலரோ இருந்தால் அமுக்கவேண்டும், தாளுக்குள் அவற்றுக்கு இடமில்லை. ஹூட் போட்டிருந்தால் முடி தலையோடு படிந்திருக்கும். அப்புறம் ஈரம். மழைப் படம் என்றால் போஞ்சோவுக்குள் இருக்கும் சட்டை காய்ந்திருக்கவேண்டும், முழங்காலுக்குக் கீழே ஓரத்தைத் தாண்டிய பேன்ட் நனைந்து இன்னும் கறுத்திருக்கவேண்டும். இந்த ஈரக் கோடு போஞ்சோவின் ஓரத்தோடு பொருந்தி வந்தால், தாள் அங்கே உண்மையிலேயே வேலை செய்கிறது என்று பார்ப்பவர் நம்புவார்.

தாள் எந்த வகை என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். முழுத் தெளிவான தாள் என்றால் மேலே சொன்னது போதும், துணி எங்கேயும் மங்காது. ஆனால் பல போஞ்சோக்கள் கொஞ்சம் பால் கலந்த மாதிரி இருக்கும். அவற்றுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. எழுத்தின்மேல் எண்ணெய்த்தாளை வைத்துப் பாருங்கள். ஒட்டி வைத்தால் எழுத்து தெளிவாக இருக்கும், இரண்டு விரல் உயரம் தூக்கினால் கரைந்துவிடும். போஞ்சோவும் அதேதான். தோளிலும் மார்பின் மேல்பகுதியிலும் தொடும் இடத்தில் கட்டம் கூர்மையாகத் தெரியும், இடுப்பருகில் தாள் விலக விலக மங்கும், பின்னணி இன்னும் அதிகமாக மங்கும். இதற்கு ஆள் லேயரின் நகல் ஒன்றை `Gaussian Blur` கொடுத்து மங்கவைத்து, எங்கெல்லாம் தாள் விலகியிருக்கிறதோ அங்கே மட்டும் மாஸ்க்கில் மெதுவாகத் திறந்துவிடுங்கள். ஆள் 2000 பிக்சல் உயரம் இருந்தால் 3 பிக்சல் மங்கலில் தொடங்கிப் பார்ப்பேன், பின்னணிக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. எங்கும் ஒரே அளவில் மங்கவைத்தால் ஃபோகஸ் தவறிய படமாகிவிடும்.

பால் தாளில் இன்னொன்று, அடுக்கு எண்ணிக்கை. ஒரு தாள் 15 சதவீதம் மறைக்கிறது என்றால் இரண்டு தாள் 28 சதவீதம், மூன்று தாள் 39 சதவீதம் மறைக்கும். ஹூட் தோளின்மேல் விழும் இடம், பக்கவாட்டில் முன் தாளும் பின் தாளும் பிரஸ் பட்டனால் சேரும் இடம், கீழ் ஓரம் சுருண்டு மடிந்த இடம், இவை எல்லாம் இரட்டை அடுக்கு. அந்த இடங்களை ஒரு படி வெளிறச் செய்து, எல்லையை மட்டும் கத்தியால் வெட்டியதுபோல வையுங்கள். மெல்லக் கரையும் எல்லை வைத்தால் அது தாளாகத் தெரியாது, நிழலாகத் தெரியும்.

இனி `Screen` லேயர். முழுக்க 53 என்று நிரப்பியிருந்தீர்கள் அல்லவா, அது வானத்தை நேராகப் பிரதிபலிக்கும் இடத்துக்கான அளவு. உங்கள் ஆளின் மார்புக்கு முன்னால் தொங்கும் தாள் வானத்தைப் பார்க்கவில்லை. அது கேமராவின் பக்கம் பார்க்கிறது, அதாவது எதிரே இருக்கும் கட்டடத்தையோ மரத்தையோ பிரதிபலிக்கிறது, அவை வானத்தைவிடப் பல மடங்கு இருண்டவை. ஆகவே நேராகத் தொங்கும் பரப்பில் அளவை 20 பக்கம் இறக்குங்கள். தோளின் மேல்பகுதியும் தலையுச்சியும் மேல்நோக்கி இருக்கின்றன, அங்கே 53-ஐத் தாண்டிப் போகலாம். அந்த இடங்களை நாம் சாய்வாகப் பார்க்கிறோம், சாய்வு கூடக்கூடப் பிரதிபலிப்பு ஏறும். ஒரு பரப்பை நேராகப் பார்க்கும்போது 4 சதவீதம் என்றேன். பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்ந்து பார்த்தால் அது 9 சதவீதமாகிறது, 75 டிகிரியில் 25 சதவீதம். தாள் வளைந்து பக்கவாட்டில் திரும்பும் ஓரங்களிலும் இதே கதைதான். பெரிய, மென்மையான பிரஷ்ஷால் இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் முதலில் போடுங்கள். இன்னும் ஒரு மடிப்புகூட வரைந்திருக்க மாட்டீர்கள், ஆனாலும் புகை போய்த் தாள் வந்திருக்கும். நிறமும் முக்கியம். வானம் நீலச் சாம்பலாக இருந்தால் இந்த லேயரும் அதே சாயலில் இருக்கட்டும். சுத்தமான சாம்பல் அந்த இடத்துக்குச் சொந்தமில்லாததுபோல ஒட்டாமல் நிற்கும்.

மடிப்புகளை வரையும்போது துணியின் பழக்கத்தை விட்டுவிடவேண்டும். துணி குழைந்து வட்டமாக மடியும். பிளாஸ்டிக் நீள மறுக்கும், அதனால் உடைந்து மடியும். தோளிலிருந்து விழும் நீண்ட மடிப்புகள் நேர்கோடுகளாக, கீழே போகப்போக அகலும் கூம்புகளாக இருக்கும். முழங்கை தள்ளும் இடத்தில் சிறு சிறு முக்கோணங்களும் சாய்சதுரங்களும் உண்டாகும், அவற்றின் விளிம்புகள் கூர்மை. இது தவிர, பையிலிருந்து எடுத்த போஞ்சோ என்றால் மடித்து வைத்த தடம் அப்படியே இருக்கும், உடல் வடிவத்தைக் கண்டுகொள்ளாமல் குறுக்கும் நெடுக்கும் ஓடும் செவ்வகக் கோடுகளாக. இந்தத் தடக்கோடுகளை நான் விடாமல் போடுவேன். மார்பின் நடுவில் நெடுக்காக ஒன்று, குறுக்காக இரண்டு போதும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கம் மெல்லிய வெளிச்சம், ஒட்டியே மறுபக்கம் அதைவிட மெல்லிய இருள். வெளிச்சம் `Screen` லேயரில், இருள் தனியாக இன்னொரு `Multiply` லேயரில். இருள் மிக லேசாக, 225 அளவு சாம்பல் போதும். தெளிவான தாள் அடர்த்தியான நிழல் போடாது.

மினுமினுப்பு என்பதைக் கடைசிக்கு வைத்திருந்தேன், காரணத்தோடுதான். எல்லாரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், எங்கும் வெள்ளைக் கோடாக இழுத்துவிடுகிறார்கள். உங்கள் படம் மேகமூட்டப் பகல். அந்த வானம் ஒரு பெரிய மென்மையான விளக்கு. அதன் பிரதிபலிப்பும் பட்டையாக, ஓரம் மெல்லக் கரைவதாகத்தான் இருக்கும், ஊசி மாதிரி வெள்ளைக் கோடு வராது. கோடு வரவேண்டிய இடம் கூர்மையான மடிப்பின் முதுகு மட்டும், அங்கே வளைவு இறுக்கமாக இருப்பதால் வானம் முழுவதும் ஒரு கோட்டுக்குள் சுருங்கித் தெரிகிறது. இரவுப் படத்தில் தெருவிளக்கு என்றால் நிலைமை தலைகீழ். மெல்லிய திரை எங்கும் இருக்காது, விளக்கின் நிறத்தில் வெட்டு வெட்டான கீற்றுகள் மட்டும் இருக்கும். இந்தப் படத்தில் சட்டையின் கட்டம் முழுக்க மறைந்து வெள்ளையாகும் இடம் இரண்டு மூன்று இருக்கட்டும். ஒரு தோளின் வளைவு, ஹூட்டின் உச்சி, முழங்கை முனை. ஒன்றுகூட இல்லாவிட்டால் தாள் சோர்ந்து தெரியும். பத்து இடத்தில் வைத்தால் நீங்கள் காப்பாற்ற வந்த உடையே போய்விடும்.

ஓரங்களும் ஒட்டுகளும் சின்ன வேலை. பிளாஸ்டிக் போஞ்சோவில் தைப்பதற்குப் பதில் சூடுவைத்து ஒட்டியிருப்பார்கள். ஹூட் சேரும் இடத்தில் அந்த ஒட்டு ஒரு குறுகிய பட்டையாக, இரட்டை அடுக்காக, லேசாக அலையலையாகத் தெரியும். கீழ் ஓரம் வெறுமனே வெட்டிய ஓரம், ஒரு பிக்சல் அகலக் கோடு. அதைத் தொடர்ச்சியாக ஒரே அழுத்தத்தில் இழுக்காமல், சில இடத்தில் வெளிச்சமாக, சில இடத்தில் இருட்டாக, சில இடத்தில் காணாமலே போகும்படி விடுங்கள். கறுப்பு பேன்ட்டைக் கடக்கும்போது அது வெளிச்சக் கோடு, வெளிறிய தரையைக் கடக்கும்போது அது இருண்ட கோடு. இந்த மாற்றத்தைச் செய்தால் ஓரம் நிற்கும்.

மழைத்துளி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் போவீர்கள். முதலில் அளவைப் பாருங்கள். ஆள் 2000 பிக்சல் உயரம் என்றால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.85 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் துளி ஐந்து பிக்சல்தான் வரும். அதற்குள் அழகான கண்ணாடித்துளி வரைய இடமில்லை. மேல்பக்கம் ஒரு வெளிச்சப் புள்ளி, அதைச் சுற்றிக் கொஞ்சம் இருள், அடியில் ஒரு மங்கலான வெளிச்சம், அவ்வளவுதான். பெரிதாக வரைந்தால் ஆள் பொம்மையாகச் சுருங்கிவிடுவார். இடுப்புக்கு மேல் மட்டும் எடுத்த பெரிய படமாக இருந்தால் துளிக்குள் சட்டை தெரியவேண்டும், அங்கே ஒரு சுவாரசியம் இருக்கிறது. துளி ஒரு குவிவில்லை. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், அதன் குவியத்தூரம் துளியின் வளைவு ஆரத்தைப்போலச் சுமார் மூன்று மடங்கு. ஆரம் 2 மில்லிமீட்டர் என்றால் 6 மில்லிமீட்டர். சட்டை அதைவிடப் பக்கத்தில் இருந்தால், அதாவது தாள் தோளில் படிந்திருக்கும் இடத்தில், துளிக்குள் கட்டம் நேராக, பெரிதாகத் தெரியும். தாள் விலகித் தொங்கும் இடத்தில் அதே துளிக்குள் உருவம் தலைகீழாகும். துளிகள் எங்கும் சம இடைவெளியில் உட்காராது. தோளில் நெருங்கி இருக்கும், நேராகத் தொங்கும் பரப்பில் ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்து ஓடி, ஓடிய தடத்தில் சிறு துளிகளை விட்டுப்போகும், ஓரத்தில் வந்து தொங்கும். தாளுக்கு உள்பக்கம் ஈரம் புகுந்து துணியோடு ஒட்டிக்கொண்ட இடம் ஏதாவது வைத்தால், அந்தத் திட்டில் துணி கறுத்து, நிறம் ஆழமாகத் தெரியும். காற்றிடைவெளி போய்விட்டதால் உள்பரப்பின் பிரதிபலிப்பும் அங்கே குறைந்துவிடும்.

சரிபார்க்க நான் செய்வது இரண்டு. ஆள் லேயரையும் பின்னணியையும் அணைத்துவிட்டு, அடியில் நடுச்சாம்பல் வைத்து, தாளை மட்டும் பார்ப்பேன். வெறும் தாளே ஒரு போஞ்சோவாக, தோள் எங்கே முழங்கை எங்கே என்று சொல்லும்படி இருக்கவேண்டும். சாம்பல் திட்டாகத் தெரிந்தால் இன்னும் மடிப்பு வேலை பாக்கி. அடுத்து, போஞ்சோவை ஆன் செய்து ஆஃப் செய்து, பேன்ட்டையும் சட்டையின் வெள்ளைக் கோட்டையும் மாறி மாறிக் கவனிப்பேன். பேன்ட் துள்ளவேண்டும், வெள்ளைக் கோடு அசையவே கூடாது. இரண்டும் ஒன்றாக வெளுத்தால் எங்கோ ஒரு லேயர் `Normal` முறையில் வெள்ளையாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த படத்தில் ஆள் முழு வெள்ளை உடையில் இருந்தால், இந்தக் கணக்கில் பெரும்பகுதி கைகொடுக்காது. வெள்ளைத் துணியின்மேல் தெளிவான தாள் உண்மையிலேயே கிட்டத்தட்டத் தெரியாது, அங்கே வெளிச்சத்தை ஏற்றிப் பயனில்லை. அப்போது இருண்ட கோடுகளை நம்புங்கள். மடிப்பின் நிழல்பக்கம், ஒட்டுப் பட்டை, அடுக்கு சேரும் எல்லை, ஆளுக்கு வெளியே இருண்ட பின்னணியின்மேல் விரிந்து நிற்கும் தாள். போஞ்சோவை வழக்கத்தைவிட ஒரு கை அகலம் கூட்டி, பின்னணியின் இருண்ட பகுதி அதற்குள் வரும்படி ஆளை நகர்த்தி வையுங்கள். உடைமேல் காட்ட முடியாத தாளை அந்த இடைவெளியில் காட்டிவிடலாம்.